வாசலில் கழற்றிய செருப்பு

எங்கள் செவிலியர் சங்கத்து ஆண்டு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி மூன்று முறை போன் வந்துவிட்டது. "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் ஒண்ணு எழுதுங்க மேடம்" என்கிறார்கள். உயிரைக் காப்பாற்றிய கதையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியும். என்னிடமும் அப்படி இரண்டு மூன்று உண்டு, சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனது போய் நிற்பது ஒரு ஜோடி நீல வார் ரப்பர் செருப்பில். அதையே எழுதிவிடுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

மூன்றரை வருடம் பயிற்சி, பிறகு இருபது வருடத்துக்கு மேல் வார்டு வேலை. பயிற்சியில் நூறு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குள் ஆழமாகப் பதிந்தது ஒன்றுதான். நோயாளி முன்னால் டாக்டரை மறுத்துப் பேசாதே, அவர் கேட்காததைச் சொல்லாதே. இதை நான் ஒழுக்கம் என்று நம்பினேன். இளையவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

2004-இல் கடலூரில் ஒரு தொழிலாளர் மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்தேன். 2012-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். எந்த மருந்தகம் என்று சொல்லப்போவதில்லை. மஞ்சக்குப்பத்துப் பக்கம், வாடகைக்கு எடுத்த பழைய வீடு, நீளமான வராண்டா, அதன் கோடியில் தண்ணீர்த் தொட்டி, அவ்வளவு போதும். நான் செம்மண்டலத்தில் குடியிருந்தேன், காலையில் நடந்தே வந்துவிடுவேன்.

வார்டிலிருந்து வந்தவளுக்கு அந்த இடம் முதலில் பிடிபடவில்லை. வார்டில் வியாதி கண்ணுக்குத் தெரியும், கட்டு இருக்கும், ரத்தம் இருக்கும். இங்கே வருகிறவர்கள் ரசாயன ஆலைகளிலும் மில்களிலும் வேலை செய்கிறவர்கள், நடந்து வருவார்கள், நடந்து போவார்கள். அவர்களுக்கு மாத்திரையைவிட முக்கியமானது ஒரு காகிதம். இவருக்கு உடம்பு சரியில்லை, வேலைக்குப் போக இயலாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று. அது கையில் இருந்தால் ஆலைக்காரர்கள் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கு காப்பீட்டிலிருந்து வரும். அது இல்லாவிட்டால் அதே முதுகுவலி, அதே காய்ச்சல், ஆனால் ஆள் நோயாளி இல்லை, வேலைக்கு மட்டம் போட்டவன்.

முதல் சான்று, பிறகு வாரா வாரம் தொடர் சான்று, கடைசியில் 'நாளை முதல் வேலைக்குத் தகுதியானவர்' என்ற இறுதிச் சான்று. இதற்குச் சில நிபந்தனைகளும் உண்டு. சிகிச்சையில் இருக்க வேண்டும், டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும், குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது, அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது, பரிசோதனைக்குக் கூப்பிட்டால் வர வேண்டும். இதைப் படித்துப் பார்த்த தொழிலாளி ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் படிக்காமலே எல்லோருக்கும் தெரியும். நீ படுத்திருக்கலாம், உன்னைக் குற்றம் சொல்லமாட்டோம், அதற்குப் பதிலாக நீ சீக்கிரம் எழுந்திருக்க ஆசைப்பட வேண்டும், அந்த ஆசை எங்கள் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதைக் கண்காணிக்க ஊரே இருந்தது. சான்றில் இருக்கிறவன் டீக்கடையில் சிரித்தால் ஆலைக்குச் செய்தி போய்விடும். மார்க்கெட்டில் பை தூக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவைப்பார். உடம்பு சரியில்லாதவன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். பெண்கள் பாடு வேறு. மீன் பதப்படுத்தும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா நூற்று மூன்று டிகிரி காய்ச்சலோடு வந்து ஊசி மட்டும் கேட்டார். ஒரு வாரம் ஓய்வு எழுதித் தரச் சொல்கிறேன் என்றேன். "கம்பெனி குடுக்கும் நர்ஸம்மா, வூட்டுல எனக்கு யாரு லீவு குடுக்கறா? அங்க நின்னுக்கிட்டே வேலை செஞ்சா கூலியாவது வரும்" என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் டாக்டர் பெயரைச் சபாபதி என்று வைத்துக்கொள்வோம். சிதம்பரத்துக்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போவார். நல்ல டாக்டர், இதை நான் முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை, மருந்துக் கம்பெனிக்காரர்களை வாசலோடு அனுப்புவார். அவரிடம் ஒரு மைப்பேனா இருந்தது. நோயாளி உட்கார்ந்ததும் மூடியைத் திறப்பார். "எப்படி இருக்கு?" என்பார். பதில் வந்துகொண்டிருக்கும்போதே எழுதுவார். மூடியைத் திருகிப் போட்டுவிட்டால் முடிந்தது, நோயாளி எழுந்துவிட வேண்டும். வாயால் அவர் யாரையும் போகச் சொன்னதில்லை. புதிதாக வருகிறவர்கள்கூட அந்த மூடியின் சத்தத்தை முதல் தடவையிலேயே புரிந்துகொண்டார்கள். ஒரு காலையில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

அவருக்கும் நிம்மதி இல்லை. ஆலைகளிலிருந்து போன் வரும். "என்ன டாக்டர், எங்க ஆளுங்களுக்கு மட்டும் இவ்ளோ சீக்கு வருது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். போனை வைத்தால் வாசலில் சங்கத்துக்காரர்கள் நிற்பார்கள், சான்று தர மறுக்கிறார் என்று. இரண்டு பக்கமும் இவரை ஒரு கதவாகத்தான் பார்த்தார்கள். எவன் உண்மையில் நோயாளி, எவன் நடிக்கிறான் என்று நாள் முழுக்க எடைபோட்டுக்கொண்டிருந்தால் எந்த மனிதருக்கும் முகம் கொஞ்சம் இறுகித்தான் போகும்.

நானும் சும்மா இருந்தவள் இல்லை. சான்றை நிரப்புவது என் வேலை, கையெழுத்து அவருடையது. கூட்டம் அதிகம் என்பதால் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைக் காலையிலேயே ஒரு பார்வை பார்த்து, அவர்கள் உள்ளே போவதற்கு முன்பே சான்றை எழுதி முடித்துவிடுவேன். வியாதி, நாள், தொடர்ச்சியா இறுதியா, எல்லாம். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். "நீங்க இல்லாட்டி இந்த வரிசை சாயங்காலம் வரைக்கும் போகும் சிஸ்டர்" என்று டாக்டர் சொன்ன நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அறை வாசலில் நோயாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கழற்றச் சொல்லி நாங்கள் போர்டு எதுவும் வைக்கவில்லை. ஆனால் வெறுங்காலோடு வந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் உட்காருவார்கள். ஆலை ஆபீசர்கள் எப்போதாவது வந்தால் ஷூவோடு வருவார்கள், ஸ்டூலை விட்டுவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்காருவார்கள், டாக்டரிடம் கேள்வியும் கேட்பார்கள். செருப்பைக் கழற்றியவர்கள் யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. வெளியே வந்து என்னிடம் கேட்பார்கள், "டாக்டரு என்னா சொன்னாரு?" என்று.

இன்னொரு வழக்கமும் இருந்தது. டாக்டர் "எப்படி இருக்கு?" என்றால் "பரவால்லங்க சார்" என்பார்கள். வலி போயிருந்தாலும் அதேதான், போகாவிட்டாலும் அதேதான். கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று ஒரு டாக்டரின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி அது. வெளியே பெஞ்சில் முனகிக்கொண்டிருந்தவர் உள்ளே போய் பரவால்ல என்று சொல்வதை நான் தினமும் கேட்டிருக்கிறேன். மரியாதைக்காகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அதைத்தான் கேஸ் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

2006 ஆகஸ்ட் கடைசியில் ஏழுமலை வந்தார். ஒரு ரசாயன ஆலையில் பாய்லர் பக்கம் உதவியாளர், நாற்பதை நெருங்கும் வயது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம், அண்ணன் தம்பிகள் நிலத்தோடு இருக்க, இவர் மட்டும் நிரந்தர வேலை என்று கடலூருக்கு வந்தவர். நடுமுதுகில் வலி என்றார். டாக்டர் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், தசைப்பிடிப்பு என்று எழுதி ஒரு வாரம் ஓய்வு கொடுத்தார். அடுத்த வாரம் வந்தபோது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"நர்ஸம்மா, சாயங்காலமானா ஒடம்பு கணகணன்னு ஆவுது. காலைல பாத்தா ஒண்ணும் இல்ல."

தெர்மாமீட்டர் வைத்தேன், காய்ச்சல் இல்லை. காலை பத்தரை மணிக்கு எப்படி இருக்கும்? "டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றேன். உள்ளே போனார். "எப்படி இருக்கு?" "பரவால்லங்க சார், வலி மட்டும் கொஞ்சம் இருக்குது." மூடி விழுந்தது. வெளியே வந்ததும், "சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அவுரு எழுதிக்கிட்டு இருந்தாரு, தொந்தரவு பண்ண வேணாமேன்னு வந்துட்டன்" என்றார்.

மூன்றாவது வாரம் எக்ஸ்ரே எடுத்து வந்தார். படம் சுத்தமாக இருந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "படத்துல ஒண்ணும் காணோமே ஏழுமலை" என்றார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். வலி இருக்கிறது, படத்தில் இல்லை, அதற்குத் தானே பொறுப்பு என்பது போல. அன்றிலிருந்து அவர் அந்த அறையில் வேறு ஆளாகிவிட்டார். முதல் வாரம் நோயாளி, இப்போது சந்தேகப்படும் ஆள். என் கண்ணுக்கும்தான்.

நாலாவது வாரம் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளத் தடுமாறினார். சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, இன்னொரு கையால் வாரை இழுத்துக் காலில் மாட்டினார். இரண்டடி போனதும் இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, திரும்பிப் பார்த்து எடுத்துக்கொண்டார். "புதுச் செருப்பு வாங்குங்க" என்று கிண்டல் செய்தேன். "செருப்பு நல்லாத்தான் இருக்குது நர்ஸம்மா, காலுதான் புடிக்க மாட்டேங்குது" என்றார். ஐந்தாவது வாரம் அதே செருப்பு கழன்றபோது அவர் நிற்கவே இல்லை. ஒரு காலில் செருப்பும் மறு கால் வெறுங்காலுமாக வராண்டா முழுக்க நடந்து போய்விட்டார். துப்புரவு வேலை பார்த்த பச்சையம்மாதான், "யோவ், செருப்ப உட்டுட்டுப் போறியே" என்று கத்தினார். ஏழுமலை காலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

வாசலுக்கு வெளியே நடந்த இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாது. அவர் முன்னால் ஏழுமலை வெறுங்காலோடு நாலடி நடந்து ஸ்டூலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். கேட்காததைச் சொல்லாதே என்று படித்தவள் நான். அதோடு, உண்மையை எழுதுவதென்றால், ஆலையிலிருந்து அந்த வாரம் ஒரு போன் வந்திருந்தது. உங்கள் நோயாளி டீக்கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று. நான் அதை நம்பினேன்.

ஆறாவது வாரம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே நான் சான்றை எழுதிவிட்டேன். இறுதிச் சான்று. 'நாளை முதல் வேலைக்குத் தகுதியானவர்.' டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "எப்படி இருக்கு ஏழுமலை?" என்றார். "பரவால்லங்க சார்." கையெழுத்து விழுந்தது. சான்றை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ஆலையில் படிக்கட்டு ஏறும்போது இரண்டு காலும் மடங்கி விழுந்தார். அவர் மனைவி தனத்தின் அண்ணன் வேன் வைத்துச் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் காசநோய். இரண்டு எலும்புகளை அரித்து, சீழ் கட்டி, உள்ளே போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எலும்பு பாதி அரித்த பிறகுதான் தெரியும். ஆனால் சாயங்காலக் காய்ச்சல் முதலிலேயே சொன்னது, செருப்பும் சொன்னது.

தகவல் வந்ததும் டாக்டரிடம் போய் நின்றேன். காய்ச்சலைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன். அவர் பேனாவைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.

"தெரிஞ்சு கழண்டுதா, தெரியாம கழண்டுதா?" என்றார்.

"முதல்ல தெரிஞ்சுது சார். அடுத்த வாரம் தெரியல."

"தெரிஞ்சு கழண்டா காலுல பலம் போகுதுன்னு அர்த்தம். தெரியாம கழண்டா உணர்ச்சியும் போகுது. பரீட்சையில எழுதின பதில் சிஸ்டர் இது." ஏழுமலையின் கேஸ் தாளை எடுத்து முன்னால் வைத்தார். "ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

நான் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆமா, கேக்கல" என்றார்.

அந்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வார்டு வாசலில் டாக்டரும் நின்றிருந்தார், கையில் ஒரு பை ஆரஞ்சு. சொல்லி வைத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே போனோம். டாக்டரைப் பார்த்ததும் ஏழுமலை எழுந்து உட்காரப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் ஊன்றி, முகம் சிவக்க, டாக்டர் நிற்கும்போது தான் படுத்திருக்கக்கூடாது என்று முயன்றார். என் வாழ்க்கையில் வெட்கம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது அந்த நிமிஷம்தான். டாக்டர் அவர் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

தனம் கட்டிலோரம் நின்றிருந்தார். ஆரஞ்சுப் பையை வாங்கவில்லை. "தகுதின்னு எழுதுனது யாரு?" என்று மட்டும் கேட்டார்.

"கையெழுத்து என்னுதும்மா" என்றார் டாக்டர்.

"எழுதுனது நான்" என்றேன். சான்றில் இருந்த மற்ற எழுத்தெல்லாம் என்னுடையதுதான்.

ஏழுமலை குறுக்கே பேசினார். "அவுங்க என்னா பண்ணுவாங்க தனம். நான்தான பரவால்லன்னு சொன்னன்." எங்களைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அறுவை செய்து சீழை எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதால் எல்லாம் மாறிவிட்டது. காசநோய்க்கு நீண்ட காலச் சலுகை உண்டு, சான்றுக்கு மாதம் ஒரு முறை வந்தால் போதும், இப்போது ஆலை போன் செய்யவில்லை. டீக்கடையில் பார்த்தவர்களெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ஆறு வாரம் அதே வலியோடு நடமாடியபோது பொய்யன், படத்தில் தெரிந்த பிறகு பாவம் ஏழுமலை. ஆள் அவரேதான், வலியும் அதேதான்.

மருந்தகத்திலும் சில மாற்றங்கள் வந்தன. வாசலில் 'செருப்புடன் உள்ளே வரவும்' என்று என் கையால் போர்டு எழுதி மாட்டினேன். ஒருவரும் கேட்கவில்லை. போர்டைப் படித்துவிட்டு, போர்டுக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவைத்தார்கள். பச்சையம்மா வேறு, "நான் தொடச்சி வச்ச தரைல சேத்தோட வரச் சொல்றியா நர்ஸம்மா?" என்று ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, போட்டுக்கொண்டு போங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் ஸ்டூலைச் சுவரோரத்துக்கு நகர்த்தினார், வருகிறவர்கள் நடப்பதைப் பார்க்க. கேள்வியையும் மாற்றினார். "எப்படி இருக்கு?" என்பதை விட்டுவிட்டு, "எது இன்னும் சரியாகல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பரவால்ல என்று பதில் சொல்ல முடியாது. முதல் முதலாகக் கேட்கப்பட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள், வரிசை நீண்டது, சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு டாக்டர் அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்பார். அதற்காக அவர் மகானாகிவிடவில்லை. அலுப்பான நாட்களில் மூடி பழையபடி சீக்கிரம் விழுந்தது. நானும் சான்றை முன்கூட்டி எழுதுவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, கூட்ட நாளில் கை அரிக்கத்தான் செய்தது.

ஏழுமலை அடுத்த வருடம் ஐப்பசியில் வந்தார். அதற்கு முந்தின மாதங்களில் தனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார், கடைசி இரண்டு தடவை தனியாக. அன்று பேண்ட் சட்டை போட்டு, தலை வாரி, நீல வார் செருப்போடு வந்திருந்தார். வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் காலைத் தூக்கினார். நான் பார்த்தேன், இறக்கிவிட்டார்.

"இறுதிச் சான்று போட்டுடுங்க சார்" என்றார் உட்கார்ந்ததும்.

"எது இன்னும் சரியாகல?"

"எல்லாம் பரவால்லங்க சார்."

டாக்டர் என்னைப் பார்த்தார். சான்றுக் கட்டு என் முன்னால் இருந்தது, ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை. "வாங்க, தண்ணித் தொட்டி வரைக்கும் நடப்போம்" என்று டாக்டர் எழுந்தார். மூவரும் வராண்டாவுக்கு வந்தோம். பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். ஏழுமலை நடந்தார். பத்துப் பன்னிரண்டு அடி நன்றாகவே போனார். அப்புறம் இடது செருப்பு கழன்றது.

அவர் நின்றார். அந்த இடத்திலேயே, அடுத்த அடி வைக்காமல்.

"தெரிஞ்சுதா?" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சுது சார்."

"போன மாசம் கழண்டப்போ?"

"தெரியலிங்க. தொட்டி வரைக்கும் போனன்." வெறுங்காலைத் தரையில் அழுத்தினார். "இப்ப தெரியுது சார். தரை ஜில்லுன்னு இருக்குது."

டாக்டர் குனிந்து அவர் காலைப் பார்த்தார். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் ஏழுமலை" என்றார். பழைய ஏழுமலையாக இருந்தால் சரிங்க சார் என்று கும்பிட்டிருப்பார். இவர் கும்பிடவில்லை.

"சார், இப்ப நெசத்த சொல்றன். சாயங்காலம் காலு கனக்குது. முதுவு நிமிந்து அரை மணிக்கு மேல உக்கார முடியல. பரவால்லன்னு சொன்னது பொய்யி. ஆனா வூட்டுல என்னைய ஒரு கொடம் தூக்க உடல, எம் பொண்ணு கல்யாணப் பேச்சு பேச வந்தவங்க எதிர்ல என்னைய உள்ள படுக்க சொல்லிட்டாங்க. சீக்காளின்னு ஒரு வருஷமா மூலைல வச்சிருக்காங்க சார். காலு போனதவிட அது ஜாஸ்தியா இருக்குது."

ஆலையில் பாதி வேலை என்று ஒன்று கிடையாது. சான்றில் இருப்பது இரண்டே வார்த்தை, தகுதி, தகுதியில்லை. நடுவில் நிற்கிற ஆளுக்கு அதில் இடமில்லை. டாக்டருக்கும் அது தெரியும். பாய்லர் பக்கம் வேண்டாம், ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கலாம் என்று தனியாக ஒரு கடிதம் எழுதித் தருவதாகவும், ஆலைக்குத் தானே போன் செய்வதாகவும் சொன்னார். அதுவரை அந்த மருந்தகத்தில் டாக்டர் ஆலைக்குப் போன் செய்ததை நாங்கள் கேட்டதில்லை, ஆலைதான் அவருக்குச் செய்யும். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் சர்வீஸில் வேறு எங்கும் கேட்டதில்லை.

"எப்ப போகலாம்னு நீங்க சொல்லுங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். நாளைக்கே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

"பொங்கல் கழிச்சு போறன் சார்" என்றார். "அதுக்குள்ள செருப்பு காலுல நின்னுடும்."

தொடர் சான்று எழுதினேன், அவர் சொன்ன கணக்குக்கு. நான் எழுதி முடிக்கும்வரை அவர் செருப்பு வராண்டா நடுவிலேயே கிடந்தது. பச்சையம்மா எடுத்துக் கொடுக்கப் போனார், ஏழுமலை வேண்டாம் என்று கையைக் காட்டினார். சுவரைப் பிடிக்கவில்லை, குனியவில்லை. நின்றபடியே இடது கால் கட்டைவிரலால் வாரைத் தேடினார். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. பெஞ்சில் இருந்தவர்கள், டாக்டர், நான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் உதவிக்குப் போகவில்லை. மூன்றாவது தடவை விரல் உள்ளே போய்விட்டது. காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டு, சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.